குழந்தை இல்லாத தம்பதி சட்டப்படி தத்தெடுப்பது எப்படி? பதிவு முதல் ஆட்சியர் உத்தரவு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் வசிக்கும் தம்பதி, இந்தியாவிலேயே உறவு அல்லாத ஒரு குழந்தையைத் தத்தெடுக்கும் வழியைப் பற்றியே இங்கே பேசுகிறோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும்தான் இதற்கு அடிப்படை. உறவுக் குழந்தையைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் உண்டு.

எங்களுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர், "ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கிறது, செலவை மட்டும் கொடுத்தால் போதும்" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. பத்து வருடம் காத்திருந்து களைத்துப்போன மனதுக்கு இது கடவுள் காட்டிய வழி மாதிரித் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அது குழந்தை விற்பனை. இளைஞர் நீதிச் சட்டம் 81-ஆம் பிரிவின்படி, குழந்தையை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பணமே கைமாறாவிட்டாலும், முறையை மீறிக் குழந்தையைக் கொடுப்பதும் பெறுவதும் 80-ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம்.

தண்டனையை விடக் கொடுமை வேறொன்று. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரைப் பெற்றோராகப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். அது போலி ஆவணம். நான்கைந்து ஆண்டு கழித்து யாராவது புகார் கொடுத்தாலோ, அந்தக் கும்பலில் ஒருவர் வேறு வழக்கில் பிடிபட்டாலோ, விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். உங்களை அம்மா என்று அழைக்கப் பழகிய குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு எடுத்துச் சென்று காப்பகத்தில் வைக்கும்.

அந்த நர்ஸ் சொல்லும் குழந்தை உண்மையிலேயே வேண்டாம் என்று விடப்பட்ட குழந்தை என்றால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தகவல் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய சரியான உதவி அதுதான்.

அக்கா தன் மூன்றாவது குழந்தையைத் தரத் தயாராக இருக்கிறார். அதற்கும் இவ்வளவு நடைமுறை உண்டா?

நீங்களும் அக்கா குடும்பமும் இந்துக்கள் என்றால் (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்), 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி நேரடியாகத் தத்தெடுக்கலாம். பெற்றவர்கள் மனமொப்பிக் கொடுக்க வேண்டும், நீங்கள் கை நீட்டிப் பெற வேண்டும். பொதுவாகக் குழந்தை 15 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பெண் குழந்தை என்றால் தத்தெடுக்கும் தந்தைக்கும், ஆண் குழந்தை என்றால் தத்தெடுக்கும் தாய்க்கும், குழந்தையை விடக் குறைந்தது 21 வயது கூடுதலாக இருக்க வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட தத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்துவிடுங்கள். "சொந்த அக்காதானே" என்று வாய்ப் பேச்சோடு விட்டவர்கள்தான் பிறகு பள்ளிச் சேர்க்கையிலும் சொத்துப் பங்கீட்டிலும் தவிக்கிறார்கள்.

மற்ற மதத்தவர் உறவுக் குழந்தையைத் தத்தெடுக்க இளைஞர் நீதிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதற்கும் ஆட்சியர் உத்தரவு வேண்டும்.

எனக்கு 41 வயது, கணவருக்கு 44. பச்சிளம் குழந்தை கிடைக்குமா?

வயது வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள், ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள். தம்பதிகளுக்குக் கூட்டு வயதுதான் கணக்கு. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இருவர் வயதும் சேர்ந்து 85-க்கு மேல் போகக் கூடாது. இரண்டுக்கு மேல் நான்கு வயது வரை 90, நான்குக்கு மேல் எட்டு வரை 100, எட்டுக்கு மேல் பதினெட்டு வரை 110. உங்கள் கூட்டு வயது இன்று சரியாக 85. பதிவு செய்யும் நாளன்று உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள். அடுத்த மாதம் கணவரின் பிறந்தநாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் பதிவை முடித்தால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு விண்ணப்பிக்கலாம். பிறந்தநாளுக்குப் பிறகு என்றால் கூட்டு வயது 86 ஆகி, இரண்டு முதல் நான்கு வயதுப் பிரிவுக்குப் போய்விடுவீர்கள். "இன்னும் ஒரு ஐவிஎஃப் சுழற்சி முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று நாற்பதை ஒட்டிய தம்பதிகள் தள்ளிப்போடும்போது நழுவிப்போவது இந்த ஒரு வருடம்தான்.

மற்ற தகுதிகள்: மணமாகி நிலையான இல்லறத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இருவரும் சம்மதிக்க வேண்டும். பெற்றோரில் எவருக்கும் குழந்தைக்கும் இடையே வயது வித்தியாசம் 25-க்குக் குறையக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நோயோ குற்றத் தண்டனையோ இருக்கக் கூடாது. மதம் தடையில்லை. சொந்த வீடு வேண்டும் என்றோ குறைந்தபட்சம் இவ்வளவு சம்பளம் என்றோ விதி கிடையாது. குழந்தையை வளர்க்கும் அளவுக்கு நிலையான வருமானம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வாடகை வீட்டில் இருப்பதை நினைத்துத் தயங்க வேண்டாம்.

பதிவை எங்கே செய்வது? வக்கீலோ ஏஜென்டோ வேண்டுமா?

இருவருமே வேண்டாம். மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் cara.wcd.gov.in என்ற தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். எல்லோரும் சுருக்கமாகக் 'காரா' என்கிறார்கள். கணினி பழக்கமில்லை என்றால் உங்கள் மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவி கேளுங்கள். பதிவு செய்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும். ஆவணங்கள் ஏறிப் பதிவு முழுமையான தேதிதான் உங்கள் வரிசை எண்ணைத் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் காகிதங்களைக் கையில் சேர்த்துக்கொண்டு பிறகு பதிவைத் தொடங்குவது நல்லது.

குடும்பப் புகைப்படம், பான் அட்டை, இருவரின் பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், உங்களை நன்கு அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவை வேண்டும். மருத்துவச் சான்றிதழில் "நலமாக இருக்கிறார்" என்று ஒற்றை வரி போதாது. நாள்பட்ட, தொற்றக்கூடிய, உயிருக்கு ஆபத்தான நோய் எதுவும் இல்லை, தத்தெடுக்கத் தகுதியானவர் என்று மருத்துவர் தெளிவாக எழுதித் தர வேண்டும்.

நம் ஊரில் சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "கே. செல்வி" என்றும், பான் அட்டையில் அப்பா பெயரை விரித்தும், ஆதாரில் கணவர் பெயரைச் சேர்த்தும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று பின்னால் நிரூபித்துக்கொண்டிருப்பதை விட முன்பே திருத்திவிடுவது மேல். இரண்டு, திருமணப் பதிவு. கோயிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் செய்து பத்திரிகையை மட்டும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் ஏராளம். முதலில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்.

வீட்டு ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் பயமாக இருக்கிறது. என்ன பார்ப்பார்கள்?

ஆவணங்கள் சேர்ந்ததும், தத்துக்கான குழந்தைகளைப் பராமரிக்கும் சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தின் சமூகப் பணியாளரோ மாவட்ட அலகு அனுப்பும் பணியாளரோ வருவார். 60 நாளுக்குள் ஆய்வை முடித்து அறிக்கையைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. இதற்கான கட்டணம் 6,000 ரூபாய். தத்தெடுப்புக்கான கட்டணங்கள் அனைத்தும் விதிமுறையின் அட்டவணையில் இருக்கின்றன. ரசீது வாங்குங்கள். அட்டவணைக்கு வெளியே "நன்கொடை" என்று யார் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம், புது சோபா வாங்க வேண்டாம். தண்ணீர், கழிப்பறை, காற்றோட்டம், மாடிப்படிக்கும் பால்கனிக்கும் தடுப்பு, குழந்தை தூங்க இடம் இவற்றை ஒரு பார்வை பார்த்துக் குறித்துக்கொள்வார். அதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது. மீதி நேரமெல்லாம் பேச்சுதான். உங்களிடம் சேர்ந்தும் பேசுவார், தனித்தனியாகவும் பேசுவார்.

தனியாகப் பேசும்போது வரும் கேள்விகள்தான் ஆய்வின் உயிர். தத்தெடுக்கலாம் என்று முதலில் சொன்னது யார்? மற்றவர் ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் ஆனது? சிகிச்சை எப்போது நின்றது? கருக்கலைந்த வலி இன்னும் ஆறாமல் இருக்கிறதா? இருவரும் வேலைக்குப் போனால் பகலில் குழந்தை யாரிடம் இருக்கும்? குழந்தை படிப்பில் சுமாராக இருந்தால்? உங்கள் இருவர் சாயலும் இல்லையே என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இதற்கெல்லாம் அழகான பதில் தயாரித்து வைக்க வேண்டாம். கணவனும் மனைவியும் ஒப்பித்தது போல ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அனுபவமுள்ள பணியாளருக்கு உடனே தெரிந்துவிடும். "அவர் முதலில் சம்மதிக்கவில்லை, இரண்டு வருடம் பேசினோம்" என்பது நல்ல பதில். "சொத்துக்கு வாரிசு வேண்டும்", "இந்தக் குழந்தை வந்தால் எங்களுக்கும் ஒன்று பிறக்கும் என்று ஜோசியர் சொன்னார்" என்பவைதான் கவலை தரும் பதில்கள். அப்படிச் சொல்கிறவர்களை உடனே நிராகரிப்பதில்லை, ஆலோசனைக்கு அனுப்புவார்கள்.

"தத்து என்பதைக் குழந்தைக்குச் சொல்வீர்களா?" என்ற கேள்வியும் நிச்சயம் வரும். சொல்ல வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மூன்று நான்கு வயதிலிருந்தே கதையாகச் சொல்லி வளர்த்த குழந்தை அதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. பதினைந்து வயதில் பக்கத்து வீட்டார் வாயால் கேட்கும் குழந்தை, தகவலை விட மறைத்ததைத்தான் மன்னிக்க முடியாமல் தவிக்கிறது.

மாமியாருக்கு இதில் விருப்பமில்லை. "யார் வீட்டுப் பிள்ளையோ, என்ன சாதியோ" என்கிறார். அறிக்கை பாதிக்குமா?

சட்டப்படி கணவன், மனைவி சம்மதம் மட்டுமே தேவை. ஆனால் மாமியார் அதே வீட்டில் இருக்கிறார், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவதும் அவர்தான் என்றால் பணியாளர் அவரிடமும் பேசுவார். ஆய்வு நாளன்று அவரை ஊருக்கு அனுப்பிவைக்கும் யோசனை வேண்டாம். எதிர்ப்பு இருப்பதையும் அதை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பணியாளர் பேசிய பிறகு மனம் மாறிய பெரியவர்கள் உண்டு.

தகுதி இல்லை என்று அறிக்கை வந்தால் காரணத்தைத் தெரிவிப்பார்கள். மேல்முறையீடும் செய்யலாம்.

அறிக்கை சரியாக வந்துவிட்டது. குழந்தை எப்போது கிடைக்கும்?

பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேலாகிறது. பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைகள் மிகக் குறைவு. கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேடிப் பார்க்க வேண்டும். பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தை என்றால் அவர்கள் மனம் மாறுவதற்கு இரண்டு மாதம் தர வேண்டும். அதன் பிறகுதான் குழந்தைகள் நலக் குழு அந்தக் குழந்தையைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்கிறது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் காத்திருப்பு வெகு குறைவு.

வீட்டு ஆய்வு அறிக்கை மூன்று ஆண்டு வரைதான் செல்லும். காத்திருப்பு அதைத் தாண்டினால் புதுப்பிக்க வேண்டும். இடையில் வீடு மாறினாலும் வேலை மாறினாலும் தளத்தில் திருத்துங்கள். கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மட்டும் எக்காரணத்துக்காகவும் கைவிடாதீர்கள். உங்கள் முறை வந்து ஒரு குழந்தையின் விவரம் வரும்போது, அந்தக் குழந்தையை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம்தான் அவகாசம்.

குழந்தையின் மருத்துவ அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

குழந்தையின் படம், குழந்தை பற்றிய ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை மூன்றும் வரும். 48 மணி நேரத்துக்குள் ஒதுக்கிக்கொண்டால், 30 நாளுக்குள் நேரில் போய்ப் பார்த்து ஏற்பதா என்று முடிவு செய்யலாம். மருத்துவ அறிக்கையை உங்களுக்குப் பழக்கமான குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு உதாரணம். எட்டு மாதப் பெண் குழந்தை, எடை 5.9 கிலோ, எச்ஐவி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று அறிக்கை சொல்கிறது. படித்தவுடன் பல தம்பதிகள் கலங்கிப்போய் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பதினெட்டு மாதம் வரை, தாயின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் தங்கியிருக்கலாம். குழந்தைக்குத் தொற்று இல்லாமலேயே அந்தச் சோதனை பாசிட்டிவ் காட்டும். வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனையின் முடிவு என்ன, எந்த வயதில் எடுத்தது என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். எடையைப் பொறுத்தவரை, ஒரே ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்து காப்பகத்தில் வளரும் குழந்தைக்கு எடை குறைவாக இருப்பது சகஜம். பிறந்தபோது இருந்த எடையிலிருந்து மாதாமாதம் ஏறியிருக்கிறதா, தலைச் சுற்றளவும் வயதுக்கேற்ப வளர்ந்திருக்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, ஒலி வரும் பக்கம் திரும்புகிறதா என்பதை மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார். கூடுதல் பரிசோதனை வேண்டுமென்றால் நிறுவனத்திடம் கேட்கலாம்.

மூன்று குழந்தைகளின் விவரம் வரை வரும். மூன்றையும் மறுத்தால் ஓராண்டு விலக்கி வைக்கப்படுவீர்கள். நிறத்தையோ மூக்கையோ பார்த்து ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

உத்தரவு வரும் வரை குழந்தை காப்பகத்திலேயே இருக்க வேண்டுமா?

தேவையில்லை. நிறுவனத்தின் தத்தெடுப்புக் குழு உங்களைச் சந்தித்து ஒப்புக்கொண்டு, நீங்கள் அறிக்கைகளில் கையெழுத்திட்டு ஏற்றதும், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் பத்து நாளுக்குள் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம். கிளம்பும்போது தடுப்பூசி அட்டை, என்ன பால் மாவு, எத்தனை மணிக்குத் தூங்கும், எந்தப் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பழகிய ஒரு துணியை வாங்கிக்கொள்ள முடிந்தால் முதல் சில இரவுகளுக்கு மிகவும் உதவும். இந்தக் கட்டத்தில் சட்டப்படி நீங்கள் இன்னும் பெற்றோர் ஆகவில்லை.

கோர்ட்டில் எப்போது ஆர்டர் கிடைக்கும்?

2022 செப்டம்பர் 1 முதல் இந்த அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட நடுவரான மாவட்ட ஆட்சியருக்கு மாறியிருக்கிறது. 2021-இல் வந்த சட்டத் திருத்தம் அது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட வக்கீலைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நீங்கள் குழந்தையை ஏற்ற பத்து நாளுக்குள், நிறுவனம் உங்கள் கையெழுத்துடன் விண்ணப்பத்தைத் தயாரித்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஆட்சியருக்குக் கொடுக்கும். வீட்டு ஆய்வு அறிக்கை, குழந்தையின் அறிக்கைகள், தத்துக்கு உரியது என்ற குழந்தைகள் நலக் குழுவின் சான்று, உங்கள் ஏற்புக் கடிதம் எல்லாம் அதில் இணைந்திருக்கும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஆட்சியர் உறுதி செய்துகொள்ள வேண்டியவை மூன்று: தத்து குழந்தையின் நலனுக்கானதா, விவரம் தெரிந்த குழந்தை என்றால் அதன் விருப்பம் என்ன, அனுமதிக்கப்பட்ட கட்டணத்தைத் தவிர யாராவது பணம் கொடுத்தார்களா, வாங்கினார்களா. விண்ணப்பம் கொடுத்த இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தேர்தல், மழை வெள்ளம் என்று ஆட்சியர் அலுவலகம் வேறு வேலையில் மூழ்கும்போது தாமதமாகும். அப்போது நிறுவனத்தின் மூலமாகவும் மாவட்ட அலகின் மூலமாகவும் எழுத்துப்பூர்வமாக நினைவூட்டுங்கள்.

உத்தரவின் நகல் கையில் வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். குழந்தையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, உங்கள் இருவர் பெயர். உத்தரவில் ஒரு எழுத்து தவறினால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அந்தத் தவறு தொடரும்.

பிறப்புச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? சொத்தில் உரிமை உண்டா?

உங்கள் இருவர் பெயரும் பெற்றோர் என்றே இருக்கும். ஆட்சியர் உத்தரவில் உள்ள பிறந்த தேதியையே பதிவாளர் எழுதித் தருவார். சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, உத்தரவு நடைமுறைக்கு வரும் நாள் முதல் குழந்தை எல்லா வகையிலும் நீங்கள் பெற்ற பிள்ளையே. உயில் எழுதாமல் போனாலும் வாரிசுரிமை உண்டு. பெற்ற குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு அன்றோடு முடிகிறது. பெற்றவர் பின்னால் வந்து உரிமை கோருவாரோ என்ற அச்சத்துக்கும் இதுவே பதில். மனம் மாறுவதற்கான இரண்டு மாத அவகாசம், குழந்தை தத்துக்கு உரியது என்று அறிவிக்கப்படும் முன்பே முடிந்துவிடுகிறது.

ஆர்டர் வந்த பிறகும் அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்களா?

குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வருவார். எடை, தடுப்பூசி, பேச்சு, உறக்கம், உங்களோடு ஒட்டுதல் ஆகியவற்றைக் குறித்து அறிக்கை எழுதுவார். குழந்தை இரவில் அலறி எழுகிறது, தட்டில் சோறு இருந்தும் கையில் ஒளித்து வைக்கிறது, அப்பாவிடம் போகவே மறுக்கிறது என்றால் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காப்பகத்திலிருந்து வரும் குழந்தைகளிடம் இவை அடிக்கடி காணப்படுபவை. ஆலோசகரிடம் அனுப்பும் ஏற்பாட்டை அவரால் செய்ய முடியும். அடுத்த வருகைக்கு ஆறு மாதம் இருக்கிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம், நிறுவனத்தை அன்றே தொலைபேசியில் அழைக்கலாம்.